வட்டமான மீன் எல்லாம் வவ்வால் இல்லை: சந்தைப் படத்தில் குழம்பும்போது எங்கே பார்ப்பது

"இது வெள்ளை வவ்வால்தானே?" இந்தக் கேள்வியோடுதான் எனக்கு நிறைய சந்தைப் படங்கள் வருகின்றன. தட்டையான அகன்ற உடல், கவட்டை வால், வெள்ளி மினுமினுப்பு. பார்த்தவுடன் ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றும். அந்த ஆமாம் எனக்குப் பல தடவை காலை வாரியிருக்கிறது. அந்த உருவத்தோடு சந்தைக்கு வருவது ஒரே மீன் இல்லை.

அடிக்கடி குழப்புபவை ஐந்து. முதலாவது வெள்ளி வவ்வால், சந்தையில் வெள்ளை வவ்வால் என்று சொல்வது, அதாவது பாம்பஸ் அர்ஜென்டியஸ். இரண்டாவது அதன் நெருங்கிய சொந்தமான சீன வவ்வால், பாம்பஸ் சைனென்சிஸ். பாம்பஸ் என்பது இரண்டும் சேர்ந்த பேரினம். மூன்றாவது கருப்பு வவ்வால். பெயரில் மட்டும்தான் இது வவ்வால், சேர்ந்த இடம் பாறை மீன் குடும்பம். நான்காவது பொம்பானோ. இதுவும் பாறைக் குடும்பம்தான், பல நாடுகளில் வளர்ப்பு மீனாக வருகிறது. ஐந்தாவது பாக்கு. வெற்றிலையோடு போகிற பாக்கு இல்லை. அமேசான், ஒரினோகோ ஆறுகளில் பிறந்த நன்னீர் மீன். இப்போது பல நாடுகளின் குளங்களில் வளர்கிறது, சில இடங்களில் வவ்வால் என்ற பெயரிலேயே விலைபோகிறது.

இந்த ஐந்துக்குள் எங்கே சிக்கல் வருகிறதோ அதை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்துகிற இடத்திலிருந்து படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

## உருவம் வவ்வால் மாதிரியே இருக்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை

உடல் விளிம்பு உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும். நீளமான மீன்களை எல்லாம் அது ஒதுக்கிவிடும், சரி. ஆனால் மேலே சொன்ன ஐந்துமே அகன்ற, பக்கவாட்டில் அமுங்கிய உடல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மீன்கள்கூட இந்த வடிவத்துக்கு வந்து சேர்கின்றன. 1795இல் பிளாக் என்ற இயற்கையியலாளர் கருப்பு வவ்வாலுக்குப் பெயர் வைத்தபோது அதையும் உண்மையான வவ்வால்களோடு ஸ்ட்ரோமேட்டியஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டார். மீனைக் கையில் வைத்திருந்தவரே அப்படி என்றால், படத்தை மட்டும் பார்க்கிற நாம் எந்த மூலை.

இதில் இன்னொரு சங்கடம், படத்தில் தெரிகிற விளிம்பே பொய்யாக இருக்கலாம். மீனை நேர் மேலிருந்து எடுக்காமல் தலைப் பக்கமோ வால் பக்கமோ நின்று சாய்வாக எடுத்தால் நீளம் குறுகி, இருப்பதைவிட வட்டமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது கண்ணை. மீனின் கண் கிட்டத்தட்ட வட்டம். படத்தில் அது முட்டையாகத் தெரிந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது.

ஒரு படத்தில் அளந்ததைச் சொல்கிறேன். கண்ணின் உயரம் 46 பிக்சல், தலை வால் திசையில் அகலம் 38 பிக்சல். உடல் நீளம், வால் துடுப்பை விட்டுவிட்டு, 400 பிக்சல். உடல் உயரம் 310. அப்படியே வகுத்தால் உயரம் நீளத்தில் 78 சதவீதம் வரும், ஏறக்குறைய தட்டு மாதிரி மீன். ஆனால் அகலம்தான் சுருங்கியிருக்கிறது. நீளத்தை 46/38 ஆல் பெருக்கினால் 484 ஆகிறது. இப்போது உயரம் நீளத்தில் 64 சதவீதம்தான். ஒரே மீன், இரண்டு வெவ்வேறு உருவம். கண் பிதுங்கியோ குழிந்தோ இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும், அதனால் இதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கண் முட்டையாக இருந்தால் உருவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல் துடுப்புகளுக்குப் போய்விடுவதுதான் என் வழக்கம்.

## வயிற்றுப் பக்கம் துடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை

இந்தக் குழப்பத்தை எல்லாம் பாதியாக வெட்டுவது இந்த ஒரு கேள்விதான். வயிற்றுத் துடுப்பு என்பது அடிவயிற்றில் ஜோடியாக இருக்கும் சின்னத் துடுப்பு. செவுளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் மார்புத் துடுப்பும், மலவாய்க்குப் பின்னால் தொடங்கி வால் பக்கம் ஓடும் நீண்ட குதத் துடுப்பும் வேறு. வெள்ளி வவ்வாலுக்கும் சீன வவ்வாலுக்கும் வயிற்றுத் துடுப்பு கிடையவே கிடையாது. வளர்ந்த கருப்பு வவ்வாலுக்கும் கிடையாது. பொம்பானோவுக்கும் பாக்குக்கும் உண்டு.

தொல்லை என்னவென்றால், இறந்த மீனைப் பக்கவாட்டில் கிடத்தினால் வயிற்றுத் துடுப்பு உடலோடு ஒட்டி மடங்கிவிடும். பொம்பானோவுக்கு அது சிறியதும்கூட. படத்தில் தெரியவில்லை என்பதும் மீனில் இல்லை என்பதும் ஒன்று இல்லை. நான் பார்த்த தவறான அடையாளங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

எப்படித் தீர்ப்பது? மார்புத் துடுப்பின் அடியிலிருந்து நேர் கீழே இறங்கி அடிவயிற்று விளிம்புக்கு வாருங்கள். அங்கிருந்து குதத் துடுப்பு தொடங்கும் இடம்வரை விளிம்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மடங்கிய துடுப்பு இருந்தால் விளிம்பில் ஒரு சின்னப் படி தெரியும், அல்லது ஒரு மெல்லிய முக்கோண நிழல், அல்லது இணைகோடுகளாக ஓடும் கதிர்கள். ஈரம் பட்ட ஒளிக்கோடு தாடையிலிருந்து குதத் துடுப்புவரை எங்கும் உடையாமல் வழுக்கிக்கொண்டு போனால், அங்கே துடுப்பு இல்லை என்று நம்பலாம். அதுவும் அந்த இடம் கூர்மையாகப் பதிந்திருந்தால் மட்டும். பனிக்கட்டி, அடுத்த மீனின் வால், விற்பவரின் விரல் என்று எது மறைத்தாலும் பதில் "தெரியவில்லை" என்றுதான் இருக்க வேண்டும். "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

துடுப்பு இருந்தால் அது நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொம்பானோவுக்கு மார்புத் துடுப்பின் அடியில், முன்னால் இருக்கும். பாக்குக்கு வயிற்றின் நடுவில், வெகுவாகப் பின்தள்ளி இருக்கும். இது மட்டும் தெளிவாகத் தெரிந்தாலே அந்த இரண்டும் பிரிந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கருப்பு வவ்வாலின் குஞ்சுகளுக்கு வயிற்றுத் துடுப்பு இருக்கும். சுமார் 10 சென்டிமீட்டர் வளர்வதற்குள் அது மறைந்துவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன் என்றால் இந்த விதியை அப்படியே போடாதீர்கள்.

## வயிற்றுத் துடுப்பு இல்லை, ஆனால் வெள்ளையா கருப்பா என்று நிறம் ஏமாற்றுகிறது

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். ஒரு தடவை நண்பர் அனுப்பிய படத்தில் மீன் பளபளவென்று வெள்ளியாக இருந்தது. வெள்ளி வவ்வால் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் அதே மீனை வேறு கோணத்தில், நிழலில் எடுத்து அனுப்பினார். சாம்பல் கலந்த பழுப்பு, வால் பக்கம் முட்கள் மாதிரி ஒரு வரிசை. கருப்பு வவ்வால். முதல் படம் மேலே தொங்கிய விளக்கின் நேர் கீழே எடுக்கப்பட்டது. கருப்பு வவ்வால் பெயருக்கு ஏற்ற கருப்பு இல்லை. புதிதாக இருக்கும்போது வெள்ளி கலந்த சாம்பலாகவோ நீலம் ஓடிய பழுப்பாகவோ இருக்கும். பனிக்கட்டியில் கிடந்து வெளிறினால் இன்னும் மோசம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் எல்லா மீனும் நீலம், சிவப்புக் குடைக்குக் கீழே எடுத்தால் எல்லாம் ரோஜா.

அதனால் மூன்று இடம் பார்க்கிறேன். இந்த மூன்றும் விளக்குக்கு அசையாதவை.

முதலில் செவுள் திறப்பு. கருப்பு வவ்வாலுக்குச் செவுள் மூடியின் பின்விளிம்பு சாதாரண மீனைப் போல நீளமான வளைவாக இறங்கி, தொண்டைக்கு அடியில் போய் முடியும். கதவு மாதிரி முழுசாகத் திறக்கும். வெள்ளி வவ்வாலுக்கும் சீன வவ்வாலுக்கும் அப்படி இல்லை. செவுள் மூடியின் அடிப்பகுதி உடலோடு ஒட்டியிருக்கும்; பக்கவாட்டில் ஒரு சின்னப் பிளவு மட்டும்தான் திறப்பு. படத்தில் தலை எங்கே முடிந்து உடல் எங்கே தொடங்குகிறது என்று தேடவேண்டியிருந்தால் அது பாம்பஸ் பக்கம் சாய்கிறது. தலையின் எல்லை கத்தி வைத்துக் கீறினாற்போலத் தொண்டைவரை தெரிந்தால் பாறைக் குடும்பத்துப் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது வால் காம்பு, அதாவது உடல் ஒடுங்கி வால் விரிவதற்கு முன்னால் இருக்கும் மெல்லிய இடம். கருப்பு வவ்வாலுக்கு அங்கே, உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டின்மேல், கவசச் செதில்கள் இருக்கும். சாதாரணச் செதிலைவிடத் தடித்து, நடுவில் சின்ன மேடு எழும்பியவை. எண்ணிக்கை 8 முதல் 19 வரை. வேறு பல பாறை மீன்களுக்கு இருப்பது போல முரட்டுத்தனமாக இருக்காது, மென்மையானவைதான். படத்தில் அவை தனித்தனியாகத் தெரிவது அபூர்வம். தெரிவது என்னவென்றால் வால் காம்பின் நடுவே ஒரே நேர்கோட்டில் சின்னச் சின்னப் பளிச்சிடும் புள்ளிகள், தையல் ஓட்டினாற்போல. வெளிச்சம் மேட்டில் பட்டுத் திரும்புவதுதான் அது. நீர்த்துளியும் இப்படிப் பளிச்சிடும், ஆனால் நீர்த்துளிகள் வரிசையில் நிற்காது.

மூன்றாவது முகம். பாம்பஸ் மீன்களின் மூக்கு மழுங்கி உருண்டு, வாய் சிறியதாகக் கொஞ்சம் அடியில் தள்ளி இருக்கும். மூக்கு வாய்க்கு மேல் கூரை போட்ட மாதிரி. கருப்பு வவ்வாலின் வாய் தலையின் நுனியிலேயே திறக்கும். இது நல்ல அடையாளம்தான், ஆனால் வாய் பிளந்து கிடக்கும் மீனில் எனக்குத் தடுமாற்றம் வந்திருக்கிறது. அதனால் முதல் இரண்டுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

படம் அதிக வெளிச்சமாக இருந்தால் திருத்தும் செயலியில் பளிச்சிடும் பகுதிகளை மட்டும் இறக்கிப் பாருங்கள், நிறத்தையும் முழுக்க எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையாக்குங்கள். செவுள் விளிம்பும் கவச வரிசையும் அப்போது எழுந்துவரும். ஒன்று, வெளிச்சத்தில் முழு வெள்ளையாக வெளுத்துப்போன இடத்தில் எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் தாள்தான் கிடைக்கும். அங்கே விவரமே பதிவாகவில்லை. வேறு படம் கேட்பதைத் தவிர வழியில்லை.

## பாம்பஸ் என்று தெரிந்துவிட்டது, வெள்ளியா சீனமா?

இங்கே துடுப்பின் வடிவம் பேசும். வெள்ளி வவ்வாலின் முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் முன்பக்கம் உயர்ந்து, அரிவாள் மாதிரி பின்னோக்கி வளைந்து, பிறகு தாழ்ந்து வால்வரை ஓடும். சீன வவ்வாலுக்கு இரண்டும் அகன்று விரிந்து, வெளிவிளிம்பு அந்த அளவுக்கு வளையாமல் இருக்கும். ஒன்றைப் பார்த்தால் அரிவாள், இன்னொன்றைப் பார்த்தால் விசிறி. வாலும் ஒத்துப்போக வேண்டும்: வெள்ளியில் கவடு ஆழம், பெரும்பாலும் கீழ்க்கிளை மேல்கிளையைவிட நீளம். சீனத்தில் கவடு ஆழமில்லை, இரண்டு கிளையும் ஏறத்தாழ சமம்.

இன்னொரு அடையாளம் ரொம்ப அழகானது. வெள்ளி வவ்வாலின் முதுகுத் துடுப்புக்கு முன்னால், முதுகின் மேட்டில், 5 முதல் 10 வரை குட்டையான தட்டை முட்கள் வெளியே எட்டிப் பார்க்கும். கத்தி அலகின் நுனியை மட்டும் தோலுக்கு வெளியே விட்டாற்போல இருக்கும். குதத் துடுப்புக்கு முன்னாலும் அதே மாதிரி உண்டு. சீன வவ்வாலில் இவை வெளியே தெரியாது. படத்தில் முட்கள் தெரிந்தால் சீனம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. அவ்வளவு சின்ன முள்ளைச் சந்தைப் படத்தில் பிடிப்பதே அதிர்ஷ்டம்.

துடுப்பு நுனி ஒடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தப் பகுதியில் எதையும் எழுத வேண்டும். அரிவாளின் நுனி போனால் மிச்சம் இருப்பது விசிறிதான். கூடையில் அடுக்கி வந்த மீனில் நுனி ஒடிவது சாதாரணம். ஒடிந்த விளிம்பு நேராக வெட்டுப்பட்டோ நார் நாராகப் பிரிந்தோ இருக்கும். இயல்பான விளிம்பில் கதிர்கள் மெலிந்து மெலிந்து மறையும்.

அப்புறம், "வெள்ளி வவ்வால்" என்பதே ஒரு கூட்டத்துக்கான பெயர் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சாம்பல் வவ்வால் என்கிற பாம்பஸ் சினேரியஸ் இதற்கு ரொம்ப நெருக்கம். இதிலும் துடுப்பு அரிவாள்தான், குதத் துடுப்பின் நுனி இன்னும் நீண்டு போகும். இந்தியப் பெருங்கடலில் நெடுங்காலமாக அர்ஜென்டியஸ் என்று எழுதிவந்த மீனை, மரபணுவைப் பார்த்தபின் பாம்பஸ் கேண்டிடஸ் என்று தனி இனமாகப் பிரிக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரு சந்தைப் படத்தை வைத்துப் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். "வெள்ளி வவ்வால் கூட்டம்" என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

## துடுப்பெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது

சில சந்தைகளில் துடுப்பையும் வாலையும் நறுக்கிவிட்டுத்தான் அடுக்குவார்கள். அரிவாளும் போச்சு, கவடும் போச்சு. ஆனால் துடுப்பைத்தான் வெட்ட முடியும், அதன் அடியை வெட்ட முடியாது. அது உடலில் வேர் மாதிரி நிற்கும். முதுகு விளிம்பில் குட்டைக் கதிர்களின் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளி, சீனம், கருப்பு, பொம்பானோ நான்கிலும் அந்த வரிசை முதுகின் நடுப்பக்கம் தொடங்கி வால் காம்புக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்கும். பாக்குக்கு அப்படி இல்லை. முதுகுத் துடுப்பு நடுமுதுகில் குட்டையாக முடிந்துவிடும். அதற்கும் வாலுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரு சின்னச் சதைத் துடுப்பு, கொழுப்புத் துடுப்பு என்பார்கள். பெரும்பாலும் கதிர் இல்லாமல் ஒரு மடல் மாதிரி இருக்கும். கடல் வவ்வால் எதற்கும், எந்தப் பாறை மீனுக்கும் இது கிடையாது. அதை நறுக்கியிருந்தாலும்கூட முதுகில் கதிர் இல்லாத அந்த வெற்றிடம் போகாது. நம்பகத்தில் இதற்கு மிஞ்சிய அடையாளம் இந்த ஐந்துக்குள் வேறு இல்லை என்பேன்.

பாக்கு என்று சந்தேகம் வந்தால் அடிவயிற்று விளிம்பையும் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பான கூர் வரிசை அங்கே இருக்கும். வாய் திறந்திருந்தால் மனிதக் கடைவாய்ப் பல்லைப் போன்ற தட்டையான பல் தெரியும், முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் மிரண்டுவிடுவார்கள். சிவப்பு வயிற்றை மட்டும் நம்பாதீர்கள். சிறியதில் இருக்கும், பெரியதில் மங்கும், பனிக்கட்டியில் வெளுக்கும்.

## மேலே புள்ளிகளும் திட்டுகளும் இருக்கின்றன, எந்த இனத்துக்கும் ஒத்துவரவில்லை

பெரும்பாலும் அது வடிவம் இல்லை, செதில் உதிர்ந்த இடம். பாம்பஸ் மீன்களின் செதில் மிகச் சிறியது, தொட்டாலே உதிர்வது. கை பட்ட இடம், கூடை உரசிய இடம், வலை இறுக்கிய இடம் எல்லாம் வெள்ளி போய் மங்கல் திட்டாக நிற்கும். மீனின் உண்மையான புள்ளி பக்கத்து மீனிலும் அதே இடத்தில் இருக்கும். உதிர்ந்த திட்டு ஒவ்வொரு மீனிலும் ஒவ்வொரு இடத்தில், கோணல்மாணலாக இருக்கும்.

மாறாக, சராசரியான கைபேசிப் படத்திலேயே செதில் வரிசைகளை ஒன்று இரண்டு என்று எண்ண முடிந்தால், வேறு பக்கம் தேடுங்கள். இந்த ஐந்துக்கும் செதில் சிறியது. ஆழ்கடலில் பிடிபடும் பிராமா என்ற மீனையும் சில நாடுகளில் வவ்வாலின் ஆங்கிலப் பெயரான பொம்ஃப்ரெட் என்றே விற்கிறார்கள். அதன் செதில் பெரியது, துடுப்புகளின் மேலும் ஏறியிருக்கும், வயிற்றுத் துடுப்பும் உண்டு.

## ஒரு தட்டு, நான்கு மீன்

ஒருவர் ஒரு படம் அனுப்பி, நான்கும் வெள்ளை வவ்வால் என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தார். அலுமினியத் தட்டு, மேலே நொறுக்கிய பனிக்கட்டி, முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் வாலும் நறுக்கப்பட்டவை. நான்கும் தலை இடப்பக்கம் வைத்துக் கிடந்தன. மேலிருந்து கீழாக எண் போட்டுக்கொண்டேன்.

கண் முதலில். நான்கு கண்ணும் ஏறத்தாழ வட்டம், நான்காவதில் மட்டும் கொஞ்சம் முட்டை, தட்டின் விளிம்பில் சரிந்து கிடந்தது. அப்போ மற்ற மூன்றின் உருவத்தையும் ஓரளவு நம்பலாம்.

முதல் மீனில் முதுகுக் கதிர்களின் அடி, வாலுக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. அங்கிருந்து வால்வரை வெறும் முதுகு, நடுவில் நகத்தளவு ஒரு கரிய மடல். நறுக்கியவர் அதை விட்டுவிட்டார், பெரிய துடுப்பாகத் தெரியாததால் இருக்கலாம். அடிவயிற்றின் நடுவில் ஒரு படி, மடங்கிய வயிற்றுத் துடுப்பு. பாக்கு. அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. ஆனால் பாக்கு என்ற கூட்டத்திலும் நெருங்கிய சொந்தங்களும் கலப்பினங்களும் வளர்ப்பில் இருப்பதால் இனப் பெயர் வரைக்கும் போகவில்லை.

இரண்டாவது மீனில் கதிர் வரிசை வால்வரை ஓடியது. அடிவயிற்றில் ஒளிக்கோடு எங்கும் உடையவில்லை, படமும் அங்கே கூர்மை. வயிற்றுத் துடுப்பு இல்லை. தலையின் எல்லையைத் தேடினேன், மார்புத் துடுப்புக்கு முன்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு நிழல் பிளவு மட்டும் கிடைத்தது. வால் காம்பில் புள்ளி வரிசை இல்லை. பாம்பஸ். துடுப்பு நுனி இல்லாததால் அரிவாளா விசிறியா என்று பார்க்க வழியில்லை. முதுகின் மேட்டில் மூன்று சின்னக் கூர்நுனிகள், பெரிதாக்கிய பிறகு. சீனம் இல்லை, வெள்ளி வவ்வால் கூட்டம் என்று எழுதினேன்.

மூன்றாவதுதான் என்னை உட்காரவைத்தது. நிறத்தில் இரண்டாவதைவிட வெள்ளை. வயிற்றுத் துடுப்பு இல்லை. இதுவரை பார்த்தால் இரண்டாவதின் அச்சு அசல். ஆனால் செவுள் மூடியின் விளிம்பு தொண்டைவரை ஒரு கருத்த வளைவாக இறங்கியது. சரி என்று வெளிச்சத்தை இறக்கி, நிறத்தை எடுத்துவிட்டு வால் காம்பைப் பார்த்தேன். வால் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் காம்பு முழுசாக இருந்தது. அதன் நடுவே ஒன்பதோ பத்தோ புள்ளிகள், ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில். பக்கத்தில் இருந்த நீர்த்துளிகள் சிதறிக் கிடந்தன, இவை மட்டும் வரிசை பிசகவில்லை. கருப்பு வவ்வால், நான்கிலும் வெள்ளையாக இருந்தது அதுதான்.

நான்காவதின் வயிறும் செவுளும் பனிக்கட்டிக்குக் கீழே இருந்தன. தெரிந்தது மழுங்கிய மூக்கும், வால்வரை ஓடிய கதிர் வரிசையும், புள்ளி இல்லாத வால் காம்பும்தான். கதிர் வரிசையால் பாக்கு போயிற்று, வால் காம்பால் கருப்பும் அநேகமாகப் போயிற்று. பொம்பானோவுக்கும் கவசச் செதில் கிடையாது, மூக்கும் மழுங்கல், அதனால் அது இன்னும் ஆட்டத்தில் இருந்தது. பொம்பானோவா பாம்பஸா என்று சொல்ல வயிற்று விளிம்பு வேண்டும். பனியைத் தள்ளிவிட்டு, நேர் மேலே கைபேசியைப் பிடித்து, பிளாஷ் இல்லாமல், மேலே ஒரு அட்டையால் நிழல் கொடுத்து, அடிவயிற்றை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விரலால் வயிற்று விளிம்பைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவாமல் எதிர்ப்பக்கமாகத் தடவினால் மடங்கிய துடுப்பு நிமிரும் என்றும் எழுதினேன்.

பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. அவர் திரும்பிப் போனபோது தட்டில் முதல் மூன்றும் அப்படியே இருந்தனவாம், நான்காவது மட்டும் விற்றுப்போயிருந்தது. என் குறிப்பில் அது இன்னும் "பொம்பானோ அல்லது பாம்பஸ், வயிறு தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது.